கூரைத்தகடு 0.47ஆ, 0.42ஆ? விலைமனு மூடுவதற்கு முன் தெளிவு கேட்பது பற்றி

ஜூன் 9, இரவு 8.50, உவர்மலை ஒப்பந்தகாரர்

குச்சவெளிப் பக்கத்தில் ஒரு பாடசாலை. இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடத்துக்குக் கூரை மாற்ற வேண்டும். கூரைப் பரப்பு 620 சதுர மீற்றர். விலைமனு மூடுவது ஜூன் 26, பிற்பகல் 2 மணிக்கு. இன்று ஆவணத்தை வாங்கி வந்து விலை போட உட்கார்ந்தேன், தகட்டிலேயே வேலை நின்றுவிட்டது.

விவரக்குறிப்பு 5.3இல் "சிங்க்-அலுமினியப் பூச்சுள்ள கூரைத்தகடு, தடிப்பு 0.47 மி.மீ." என்று இருக்கிறது. அளவுப் பட்டியலின் 4ஆம் உருப்படியில் அதே தகட்டுக்கு "தடிப்பு 0.42 மி.மீ." என்று இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் "கூரைத்தகடு விவரக்குறிப்பின்படி" என்று ஒரு வரி. நான் எதற்கு விலை போடுவது? எழுதிக் கேட்பதா, பேசாமல் விடுவதா?

ஜூன் 9, இரவு 9.15, கிண்ணியா நானா

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? காசு கொடுப்பது அளவுப் பட்டியலை வைத்துத்தான். பட்டியலில் 0.42 என்றால் 0.42க்கு விலை போடுங்கள். பிறகு பொறியியலாளர் 0.47 கேட்டால் அது மேலதிக வேலை, தனி விலை கிடைக்கும். எழுதிக் கேட்டால் மற்ற ஒப்பந்தகாரர்களின் கண்ணையும் நீங்களே திறந்து விடுகிறீர்கள். நான் எத்தனையோ வேலை இப்படித்தான் செய்து முடித்தேன்.

ஜூன் 9, இரவு 9.40, மூதூர் கடைக்காரர்

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. ஒரு அலுவலகத்துக்குத் தளபாடம் கொடுக்க விலை போட்டேன். திறந்த பிறகு குழுவிலிருந்து கடிதம் வந்தது, மரத்தின் வகையைத் தெளிவுபடுத்தச் சொல்லி. உடனே பதில் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே பயப்படாதீர்கள், அவர்களே கேட்பார்கள்.

ஜூன் 9, இரவு 10.05, உவர்மலை ஒப்பந்தகாரர்

அண்ணன், நீங்கள் சொல்வது விலைமனு திறந்த பின் அவர்கள் நம்மிடம் கேட்பது. நான் கேட்பது மூடுவதற்கு முன் நாம் அவர்களிடம் கேட்பது பற்றி. திறந்த பிறகு கொடுக்கும் விளக்கத்தில் விலையைத் தொட முடியாது. என் சிக்கலே விலையில்தான்.

ஜூன் 10, காலை 6.30, ஓய்வுபெற்ற கியூ.எஸ்.

நானா சொன்னதில் பாதி சரி. அளவிட்டுக் கொடுப்பனவு செய்யும் ஒப்பந்தத்தில் பணம் பட்டியலின் அளவையும் விலையையும் வைத்தே ஓடும். ஆனால் இரண்டு ஆவணம் ஒன்றோடொன்று மோதினால் எது மேல் என்பதை அளவுப் பட்டியல் தீர்மானிப்பதில்லை. ஒப்பந்தத்துக்குள் ஆவணங்களின் முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கும். 1999ஆம் ஆண்டின் பிடிக் சிவப்புப் புத்தகம் என்ற நிர்மாண ஒப்பந்த நிபந்தனைத் தொகுப்பில் இந்த மூன்றுக்குள் விவரக்குறிப்பு முதலில், வரைபடம் அடுத்து, பட்டியல்கள் அதற்கும் பிறகு. உங்கள் ஆவணத்தில் உள்ள வரிசையைத் திறந்து பாருங்கள். அங்கேயும் விவரக்குறிப்பு மேலே நின்றால், 0.42க்கு விலை போட்டுவிட்டு 0.47 போட வேண்டிய நிலை வரும். மேலதிக விலை கேட்டால், "இது முதல் நாளே விவரக்குறிப்பில் இருந்தது, நீர் ஏன் கேட்கவில்லை?" என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டு எண்ணும் ஒரே தகட்டைக் குறிக்கலாம். தகட்டுக்கு இரண்டு தடிப்பு இருக்கிறது. பூச்சு இல்லாத வெறும் உருக்கின் தடிப்பு ஒன்று, பூச்சையும் சேர்த்த மொத்தத் தடிப்பு மற்றது. ஏ.இசட். 150 பூச்சு என்றால் ஒரு சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம். அந்தக் கலவையின் அடர்த்தியைக் கொண்டு கணக்குப் பார்த்தால் 0.04 மி.மீ. வரும். 0.42 உருக்கின் மேல் அது ஏறினால் 0.46. கடையில் அதைத்தான் 0.47 என்று விற்கிறார்கள்.

ஜூன் 10, மதியம் 1.20, உவர்மலை ஒப்பந்தகாரர்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மைக்ரோமீற்றரை எடுத்துக்கொண்டு நகரத்தில் உள்ள ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். பெயின்ற் பூசாத தகட்டின் வெட்டிய ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன், 0.47 காட்டியது. அதே தகட்டின் அடியில் ஒட்டியிருந்த துண்டில் 0.42 என்று அச்சடித்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டால், "0.47 என்று கேட்பவருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம், 0.42 என்று கேட்பவருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்" என்றார். வெறும் உருக்கே 0.47 வேண்டும் என்றால் கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

ஆகவே இரண்டும் ஒரே தகடு என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஒருவர் விளம்பரத் தாளைப் பார்த்து விவரக்குறிப்பை எழுதியிருக்கலாம், இன்னொருவர் வேறு தாளைப் பார்த்துப் பட்டியலை எழுதியிருக்கலாம். இனியும் கேட்க வேண்டுமா என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

ஜூன் 10, மாலை 4.10, ஓய்வுபெற்ற கியூ.எஸ்.

கேட்க வேண்டும். உங்கள் மைக்ரோமீற்றர் சந்தையில் என்ன கிடைக்கிறது என்று சொல்கிறது. ஆவணத்தை எழுதியவர் என்ன நினைத்தார் என்று அது சொல்லாது. வேலை நடக்கும்போது வரும் பொறியியலாளர் வேறு ஆளாகவும் இருக்கலாம். அவர் 5.3ஐக் காட்டி, வெறும் உருக்கு 0.47 என்று வாசித்தால் உங்களிடம் என்ன தாள் இருக்கிறது? வித்தியாசம் 0.05 மி.மீ. தானே என்று நினைக்காதீர்கள். ஒரு சதுர மீற்றருக்கு 0.39 கிலோ உருக்கு. நெளிவும் மேற்பொருந்தும் சேர்த்தால் உங்கள் கூரைக்கு ஏறக்குறைய 300 கிலோ.

ஜூன் 10, மாலை 5.00, கிண்ணியா நானா

முன்னுரிமை வரிசை பற்றி ஐயா சொன்னது சரி, பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். தம்பி எழுதிக் கேட்டால் பதில் ஆவணம் வாங்கிய எல்லாருக்கும் போகும். தகட்டைப் பற்றி யோசிக்காமல் தவறாக விலை போட இருந்தவனும் திருத்திக்கொள்வான். சும்மா ஒரு போன் எடுத்து அங்குள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால் முடியாதா?

ஜூன் 10, இரவு 7.45, டொக்யார்ட் வீதி எழுதுவினைஞர்

நான் ஒரு நிர்மாண நிறுவனத்தில் விலைமனுக் கடிதங்கள் தயாரிப்பவள். போனில் கேட்ட பதிலை நம்பிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது ஆவணத்தை மாற்றாது. மதிப்பீட்டுக் குழு முன் வைக்கப்படுவது தாள் மட்டும். போதாததற்கு, ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொன்னார் என்று அந்த உத்தியோகத்தருக்கும் சிக்கல் வரும்.

சிலர் இன்னொரு வழி பிடிப்பார்கள். விலைமனுவோடு ஒரு கடிதம் வைத்து, "எமது விலை 0.42 மி.மீ. தகட்டுக்கானது" என்று எழுதுவார்கள். அது நிபந்தனை போட்ட விலைமனு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு வரியால் நிராகரிக்கப்படலாம். சொல்ல வேண்டியதை மூடும் நாளுக்கு முன் கேள்வியாகச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன், விலைமனுதாரருக்கான அறிவுறுத்தல்களில் தெளிவுபடுத்தல் என்ற பிரிவைப் பாருங்கள். எத்தனை நாளுக்கு முன் என்று இருக்கிறது?

ஜூன் 10, இரவு 8.20, உவர்மலை ஒப்பந்தகாரர்

"மூடும் திகதிக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் எழுத்தில் கிடைக்கும் கேள்விகளுக்குப் பதில் தரப்படும்." அப்படியென்றால் 16ஆம் திகதி.

ஜூன் 10, இரவு 8.35, டொக்யார்ட் வீதி எழுதுவினைஞர்

"கிடைக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் தபாலில் போடும் நாள் கணக்கில் இல்லை, அவர்களின் முத்திரை விழும் நாள்தான் கணக்கு. அலுவலகம் திருகோணமலையிலேயே இருந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஆனால் ஆவணத்தில் கொடுத்த முகவரிக்கு மட்டும். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பதில் எழுத வேண்டியவர் களத்துக்குப் போயிருப்பார், கையொப்பம் வைக்க வேண்டியவர் கூட்டத்தில் இருப்பார்.

ஜூன் 10, இரவு 9.30, உவர்மலை ஒப்பந்தகாரர்

நானா, நீங்கள் சொன்னதை நிறைய யோசித்தேன். கேட்டால் போட்டியாளருக்கும் தெளிவு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கேட்காவிட்டால் என் நிலை என்ன? தடித்த தகட்டுக்கு விலை போட்டால் வேலை கிடைக்காது. மெல்லிய தகட்டுக்குப் போட்டு வேலை கிடைத்தால் 300 கிலோ உருக்கு என் தலையில் விழலாம். எல்லாரும் ஒரே தகட்டுக்கு விலை போட்டால் நான் கூலியிலும் சாரத்திலும் பழைய கூரையை இறக்கும் முறையிலும் போட்டி போடலாம். அங்கே எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கீழே இருப்பது முதல் வரைவு, பார்த்துச் சொல்லுங்கள்:

"விவரக்குறிப்பில் 0.47 என்றும் பட்டியலில் 0.42 என்றும் உள்ளதால் குழப்பமாக உள்ளது. எமது வழங்குநரிடம் 0.42 தகடு கைவசம் உள்ளது. அதைப் பயன்படுத்தலாமா என்று தயவுசெய்து அறியத் தரவும்."

ஜூன் 10, இரவு 10.15, ஓய்வுபெற்ற கியூ.எஸ்.

இதை அனுப்ப வேண்டாம். இதற்கு வரும் பதிலை இப்போதே சொல்கிறேன்: "விலைமனுதாரர்கள் விவரக்குறிப்பைப் பின்பற்ற வேண்டும்." நான் வேலை செய்த காலத்தில் இந்தப் பதிலில் கையொப்பம் வைக்கப்பட்டுப் போனதை நிறையப் பார்த்தேன். கேள்வி சலுகை கேட்பதுபோல இருந்தால் பதில் சொல்பவர் பாதுகாப்பான பக்கம் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆவணத்துக்குள் இருக்கும் முரணை அவர் முன் வையுங்கள். இரண்டு வாசிப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தால் போதும் என்ற நிலையில் கேள்வி இருக்க வேண்டும். வழங்குநர், கைவசம் உள்ள தகடு எதையும் எழுதாதீர்கள். பதில் சுற்றறிக்கையில் கேள்வியைக் கேட்டவர் பெயர் இல்லாமல்தான் போடுவார்கள். ஆனால் கேள்வியின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டால், யாரிடம் என்ன தகடு இருக்கிறது என்று ஊரே அறிந்துகொள்ளும்.

அதே 5.3இல் பூச்சின் எடை பற்றி எதுவுமே இல்லை என்று நினைக்கிறேன், பாருங்கள். குச்சவெளியில் கடற்காற்று படும் கூரைக்கு அதுதான் தடிப்பைவிட முக்கியம். அதையும் இரண்டாவது கேள்வியாகச் சேருங்கள்.

ஜூன் 10, இரவு 10.40, மூதூர் கடைக்காரர்

அப்படியென்றால் கேட்க நிறைய இருக்கிறதே. பீலியின் நிறம், திருகாணியின் நீளம், பழைய மரத்தை யார் எடுப்பது, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

ஜூன் 11, காலை 5.50, டொக்யார்ட் வீதி எழுதுவினைஞர்

நிறத்தை வேலை தொடங்கிய பிறகும் கேட்கலாம், விலை மாறாது. பழைய மரம் யாருக்கு என்பது விலையை மாற்றும், ஆனால் அது ஆவணத்தில் வேறெங்காவது இருக்கும். முதலில் தேடிப் பார்க்க வேண்டும். ஆவணத்திலேயே பதில் உள்ள கேள்வியை அனுப்பினால் மற்றக் கேள்விகளையும் அலட்சியமாகத்தான் பார்ப்பார்கள். இருபது கேள்விக் கடிதம் ஒன்று எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. வந்த பதிலில் பாதிக்கு மேல் "ஆவணத்தைப் பார்க்கவும்" என்றிருந்தது. உண்மையில் பதில் வேண்டிய கேள்விக்கும் அதே வரிதான் கிடைத்தது.

ஜூன் 11, காலை 7.10, உவர்மலை ஒப்பந்தகாரர்

தேடினேன். பழைய மரம் பாடசாலைக்கு உரியது என்று அளவுப் பட்டியலின் முகப்புக் குறிப்பில் இருக்கிறது. பூச்சின் எடை எங்கும் இல்லை. இரவோடிரவாக மாற்றி எழுதிய கடிதம்:

"விலைமனு ஆவணத்தில் பின்வரும் இரண்டு விடயங்களுக்குத் தெளிவுபடுத்தல் கோருகிறோம்.

கேள்வி 1: விவரக்குறிப்பு 5.3இல் கூரைத்தகட்டின் தடிப்பு 0.47 மி.மீ. எனவும், அளவுப் பட்டியல் உருப்படி 4இல் 0.42 மி.மீ. எனவும் குறிப்பிடப்பட்டுள்ளது. இவற்றை இரு விதமாக வாசிக்கலாம். (அ) பூச்சு நீங்கிய உருக்கின் தடிப்பு 0.42 மி.மீ., பூச்சு உட்பட மொத்தத் தடிப்பு 0.47 மி.மீ. (ஆ) பூச்சு நீங்கிய உருக்கின் தடிப்பே 0.47 மி.மீ. விலை எந்த வாசிப்பின்படி இடப்பட வேண்டும்?

கேள்வி 2: 5.3இல் பூச்சின் எடை குறிப்பிடப்படவில்லை. தேவைப்படும் பூச்சின் குறைந்தபட்ச எடை, இரு பக்கமும் சேர்த்து, சதுர மீற்றருக்கு எத்தனை கிராம்?

பதில் ஆவணத்தை மாற்றுவதாயின் அதைத் திருத்த அறிவித்தலாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஜூன் 11, காலை 7.40, ஓய்வுபெற்ற கியூ.எஸ்.

நன்றாக இருக்கிறது. கடிதத் தலைப்பில் விலைமனு இலக்கத்தை மறக்க வேண்டாம். கடைசி வரி முக்கியம். வெறும் விளக்கக் கடிதமாக வந்தால், அது ஒப்பந்தத்தின் பகுதியா இல்லையா என்று நாளை இன்னொரு வாதம் கிளம்பும். இலக்கமிட்ட திருத்தமாக வந்தால் அந்த வாதமே இல்லை.

ஜூன் 11, பகல் 11.30, உவர்மலை ஒப்பந்தகாரர்

கொடுத்துவிட்டேன். முத்திரை 11ஆம் திகதி. மின்னஞ்சலும் போயிருக்கிறது.

ஜூன் 17, இரவு 8.00, கிண்ணியா நானா

என்ன தம்பி, பதில் வந்ததா?

ஜூன் 17, இரவு 8.25, உவர்மலை ஒப்பந்தகாரர்

இல்லை நானா. இரண்டு விதமாகவும் விலை போட்டு வைத்திருக்கிறேன். தகட்டு உருப்படி மட்டும்தான் மாறும்.

ஜூன் 19, மாலை 6.15, உவர்மலை ஒப்பந்தகாரர்

திருத்தம் இலக்கம் 1 இன்று வந்தது. முதல் கேள்விக்கு வாசிப்பு (அ). உருப்படி 4 திருத்தப்பட்டு, "உருக்கின் தடிப்பு 0.42 மி.மீ., மொத்தத் தடிப்பு 0.47 மி.மீ." என்று புதிய பக்கம் இணைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில்: "விவரக்குறிப்பின்படி."

விவரக்குறிப்பில் இல்லை என்றுதானே கேட்டேன்! 16ஆம் திகதியும் போய்விட்டது.

ஜூன் 19, இரவு 7.00, ஓய்வுபெற்ற கியூ.எஸ்.

முதல் பதிலையே நன்றாகப் பாருங்கள். உருக்கு 0.42, மொத்தம் 0.47 என்று இரண்டையும் எழுதிவிட்டார்கள். இடையில் இருப்பது 0.05 மி.மீ. ஏ.இசட். 150க்குக் குறைந்த பூச்சு போட்டால் மொத்தம் 0.47ஐ எட்டாது. இரண்டாவது கேள்விக்கான பதில் ஓரளவு முதல் பதிலுக்குள் வந்துவிட்டது என்பது என் வாசிப்பு.

ஜூன் 19, இரவு 7.30, கிண்ணியா நானா

ஐயா, பெயின்ற் பூசிய தகடு என்றால்? பெயின்ற்றும் தடிப்பில் சேரும். குறைந்த பூச்சின் மேல் பெயின்ற் பூசி 0.47 காட்டிவிடலாம். திருத்தத்தில் "பூச்சு" என்றால் எது என்று இல்லையே.

ஜூன் 19, இரவு 8.05, ஓய்வுபெற்ற கியூ.எஸ்.

அதை நான் யோசிக்கவில்லை. நானா பிடித்தது நல்ல பிடி. அளவுப் பட்டியலில் நிறத் தகடு என்று இருக்கிறதா?

ஜூன் 19, இரவு 8.20, உவர்மலை ஒப்பந்தகாரர்

நிறம் பற்றிப் பேச்சே இல்லை. பெயின்ற் இல்லாத தகடு என்றே எடுத்துக்கொள்கிறேன். ஏ.இசட். 150க்குத்தான் விலை போடப்போகிறேன். கடலைப் பார்த்த கூரைகளில் தகடு முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்: வெட்டிய ஓரத்திலும் திருகாணி இறங்கிய துளையிலும் சிவப்புக் கோடு விழும், அடுத்த மாரியில் அது வகுப்பறைக்குள் சொட்டும். பிள்ளைகள் இருக்கும் கட்டடத்துக்கு அதற்குக் குறைந்த தகட்டை நான் ஏற்றமாட்டேன். குறைந்த பூச்சுக்கு ஒருவர் விலை போட்டு வேலையை எடுத்தால் எடுக்கட்டும்.

ஜூன் 19, இரவு 8.50, கிண்ணியா நானா

நான் குறைந்ததற்குத்தான் போடுவேன். நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் சொல்லவில்லை. சொல்லாததற்கு நான் ஏன் காசு செலவழிக்க வேண்டும்? ஆனால் தம்பி உங்கள் காரணத்தை மதிக்கிறேன்.

ஜூன் 20, காலை 6.20, டொக்யார்ட் வீதி எழுதுவினைஞர்

விலையை எப்படிப் போட்டாலும் இரண்டு காரியத்தை இன்றே செய்யுங்கள். விலைமனுப் படிவத்தில் கிடைத்த திருத்தங்களின் இலக்கத்தை எழுத ஓர் இடம் இருக்கும், அதில் இலக்கம் 1 என்று நிரப்புங்கள். அளவுப் பட்டியலின் பழைய பக்கத்தைக் கழற்றிவிட்டுப் புதிய பக்கத்தை வையுங்கள். கட்டி ஒட்டிய புத்தகத்தில் பழைய பக்கம் அப்படியே இருந்து, அதில் விலையும் எழுதியிருந்தால் மதிப்பீட்டில் பெரிய குழப்பம். 16ஆம் திகதி போய்விட்டாலும் கேள்வி 2ஐ மறுபடியும் எழுதிக் கொடுக்கலாம். பதில் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. விரும்பினால் திகதியை நீட்டித் திருத்தம் 2 வெளியிடலாம்.

ஜூன் 20, காலை 10.45, உவர்மலை ஒப்பந்தகாரர்

கொடுத்தேன். இந்த முறை ஒரே வரி: "திருத்தம் 1இல் உள்ள மொத்தத் தடிப்பில் பெயின்ற் அடங்குமா?"

ஜூன் 26, மாலை 5.30, உவர்மலை ஒப்பந்தகாரர்

இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை, திகதியும் நீளவில்லை. இன்று திறந்தார்கள். விலைகளை வாசித்தபோது ஒருவரின் படிவத்தில் திருத்த இலக்கம் வெறுமையாக இருந்ததைக் குறித்துக்கொண்டார்கள். என் விலை மிகக் குறைந்தது இல்லை, இரண்டாவது. முதலாமவர் எந்தப் பூச்சுக்குப் போட்டார் என்று வாசித்த விலையிலிருந்து தெரியாது.

ஜூன் 26, இரவு 7.10, மூதூர் கடைக்காரர்

எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, நான் அன்று சொன்னது வேறு கதை. இனி என் பக்கத்துக் கேள்வி: பாடசாலைத் தளபாடத்துக்கு ஒரு விலைமனு வந்திருக்கிறது. "தேக்கு அல்லது அதற்குச் சமமான மரம்" என்று இருக்கிறது. எது சமம் என்று கேட்கலாமா?

ஜூன் 26, இரவு 7.45, டொக்யார்ட் வீதி எழுதுவினைஞர்

"எது சமம்" என்று கேட்காதீர்கள் அண்ணன், "விவரக்குறிப்பின்படி" என்று வந்துவிடும். நீங்கள் கொடுக்க நினைக்கும் ஒன்றிரண்டு மரத்தின் பெயரை எழுதி, இவை சமமாக ஏற்கப்படுமா, இல்லையென்றால் எந்த அளவுகோலில் பார்ப்பீர்கள், அடர்த்தியா, ஈரப்பதனா என்று கேளுங்கள். கேள்விக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஜூன் 26, இரவு 8.00, மூதூர் கடைக்காரர்

7 நாள். நாளை மறுநாள் முடிகிறது. காலையில் முதல் பஸ்ஸில் திருகோணமலைக்கு வருகிறேன்.